ஒன்று புள்ளி ஏழு மீட்டர்

தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று மேலே உட்கார்ந்துகொண்டு சொல்லும் கருவிகளைப் பொருத்துவதுதான் என் பிழைப்பு. ஒடுகத்தூரில் ஒரு மாடி அறையில் குடியிருந்துகொண்டு, குடிநீர்த் திட்டத்தில் ஒப்பந்த வேலை எடுத்திருந்த ஒருவரிடம் சில வருடம் இருந்தேன். ஜவ்வாது மலையில் எந்த ஊரில் எத்தனை தொட்டி, எந்தத் தொட்டியின் ஏணியில் எத்தனையாவது படி உடைந்திருக்கிறது என்பதெல்லாம் அப்போது எனக்கு அத்துப்படி. எனக்குக் கொஞ்சம் முன்கோபம் உண்டு. அவசரமும் உண்டு. இரண்டும் வேலைக்கு நல்லது என்றே அந்தக் காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தொட்டி மலைமேல் ஒரு சின்ன ஊரில் இருந்தது. நாற்பது ஐம்பது வீடு, சுற்றிலும் சாமைக் கொல்லை, நடுவில் நான்கு தூண் வைத்த மேல்நிலைத் தொட்டி. தொட்டிக்கு நேர் பின்னால் இரண்டு புளியமரம் தலைக்கு மேல் கவிந்திருக்கும். கார்த்திகை மாதத்தில் மேகம் இறங்கினால் தொட்டியின் தலை காணாமல் போய்விடும், தூண்கள் மட்டும் நிற்கும்.

தொட்டி ஆப்பரேட்டர் ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், அந்த ஊர்க்காரர். கீழே கிணற்றடியில் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுவது, காலையிலும் மாலையிலும் வால்வைத் திறந்து தெருக்குழாய்களுக்கு விடுவது, பதினைந்து நாளுக்கு ஒருமுறை தொட்டியைக் கழுவுவது, எல்லாமே அவர்தான். பேச்சு குறைவு. ஒன்று சொன்னால் சொன்னபடி செய்கிற ஆள். அப்படிப்பட்டவர்களோடு வேலை செய்வது சுலபம் என்பதால் அவரை நான் அதிகம் கவனித்ததே இல்லை.

முதலில் அங்கே வைத்திருந்தது அல்ட்ராசோனிக் கருவி. நம் காதுக்குக் கேட்காத ஒலியைக் கீழே அனுப்பும். அது தண்ணீரில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துத் தூரத்தைக் கணக்கிடும். சமவெளியில் நன்றாக ஓடுகிற கருவி, மலைக் குளிருக்குத் தோற்றுப்போனது. விடியற்காலையில் அதன் முகத்தில் நீர்த்துளி கோத்துக்கொள்ளும், எதிரொலி கலங்கி எண் தாறுமாறாக ஓடும். இரண்டு மாதம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு அதற்குப் பதில் ரேடார் ஒன்றை வைக்க முடிவு செய்தார்கள். ரேடார் ஒலிக்குப் பதில் ரேடியோ அலையை அனுப்பும். அலை குறுகலாக நேரே கீழே இறங்கும், குளிரையும் ஈரத்தையும் அவ்வளவாகப் பொருட்படுத்தாது.

இரண்டுக்குமே ஒரு குறை பொது. தண்ணீர் என்றால் என்ன என்று இரண்டுக்கும் தெரியாது. எதிரே எது பலமாகத் திருப்பி அனுப்புகிறதோ அதைத்தான் தண்ணீர் என்று எடுத்துக்கொள்ளும். குழாய், ஏணிப்படி, கம்பி எதுவானாலும் சரி. அதனால் தொட்டியை வடித்துவிட்டுக் கருவிக்கு மூன்று விஷயம் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதன் முகத்திலிருந்து தரை எவ்வளவு தூரம், அதுதான் காலி. தண்ணீர் எதுவரை ஏறினால் நிறைவு. மூன்றாவது, காலித் தொட்டியில் அது பார்க்கிற மற்றதெல்லாம் பொய் எதிரொலி, மறந்துவிடு என்று சொல்வது. போனில் ஒரு பொத்தானை அழுத்தினால், அந்த நேரத்தில் என்னென்ன எதிரொலி வருகிறதோ அவற்றின் மேல் கொஞ்சம் கூடுதலாகவே ஒரு மறைப்பை வரைந்து வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்த மறைப்புக்குக் கீழே வருவது எதுவும் அதன் கண்ணுக்குத் தெரியாது.

ரேடார் மாற்றிய நாள் ஐப்பசியில் ஒரு மத்தியானம். தொட்டியை அவர் காலையிலேயே கழுவி வைத்திருந்தார். நான் மேல்தளத்தில் கருவியைப் பொருத்தினேன், அவர் உள்ளே இறங்கி என் டேப்பின் நுனியைத் தரையில் பிடித்தார். மூன்று மீட்டர் நாற்பது. நிறைவு மட்டம் தரையிலிருந்து மூன்று மீட்டர். இரண்டையும் போனில் ஏற்றினேன். அதற்குள் மேகம் இறங்க ஆரம்பித்துவிட்டது. எதிரே இருந்த பள்ளிக்கூடம் மறைந்தது, பிறகு பின்னால் இருந்த புளியமரங்களும் மறைந்தன. மேல்தளத்தில் வழுக்குமே என்று பயந்து ஏணி வழியாக இறங்கிவிட்டேன். மீதி வேலையைக் கீழே நின்றே போனில் செய்யலாம். நான்கரை மணி பஸ்ஸை விட்டால் வேறு வண்டி இல்லை, என் நினைப்பெல்லாம் அதில்தான் இருந்தது.

தூணடியில் நின்று போனைப் பார்த்தபோது தொட்டியின் மட்டம் ஒன்று புள்ளி ஏழு மீட்டர் என்று காட்டியது. காலித் தொட்டியில் ஒன்று புள்ளி ஏழு. ஏதோ குழாய்த் தாங்கியின் எதிரொலி என்று முடிவு கட்டினேன். தரைக்குக் கொஞ்சம் மேல்வரை, மூன்று மீட்டர் இருபதுவரை மறைப்புப் போடச் சொல்லிப் பொத்தானை அழுத்தினேன். எண் பூஜ்யத்துக்கு வந்தது. எனக்குத் திருப்தி. பையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அலுவலகத்திலிருந்து என்ஜினியர் கூப்பிட்டார். திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரி அவர், சின்ன வயது, எதையும் திரையில் பார்த்தால்தான் நம்புவார். கருவி காட்டும் மட்டம் கால்மணிக்கு ஒருமுறை அவர் கணினிக்கு வந்துவிடும். அவர் காட்டிய படத்தைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

காலையில் மூன்று மீட்டர் நிறைந்த தொட்டி. வால்வைத் திறந்ததும் மெல்ல இறங்குகிறது. ஒன்று புள்ளி ஒன்பது வரை ஒழுங்காக இறங்கி, அடுத்த கால்மணியில் பூஜ்யம். மத்தியானம் முழுக்கப் பூஜ்யம். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் திடீரென்று ஒன்று புள்ளி ஐந்து. அங்கிருந்து மறுபடி ஒழுங்காக இறங்குகிறது. இடையில் மோட்டார் ஓடவே இல்லை, கரண்ட் மீட்டர் அப்படித்தான் சொல்கிறது. தண்ணீர் போகிறது, போன தண்ணீர் ஏற்றாமலே திரும்பி வருகிறது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஏறக்குறைய எல்லா நாளும் இதே கதை.

"பாதித் தண்ணியை எங்கியோ திருப்பி விட்டுட்டு, சென்சாரை எதையாவது போட்டு மூடி ஏமாத்தறாரு" என்றார் என்ஜினியர். "அங்க புதுசா ஒரு தங்கும் விடுதி தோட்டம் போடுது. எனக்குப் புரியாதா?"

"அவரு அப்படிப்பட்ட ஆள் மாதிரி தெரியலையே சார்."

"நீங்க கருவி சரியா இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அவருகிட்ட சாவியை வாங்கிடறேன்."

ஆக, அந்த மனிதரின் வேலை என் கையெழுத்தில் வந்து நின்றது. உண்மையைச் சொன்னால், போகும் வழியில் எனக்கும் அவர்மேல்தான் சந்தேகம். என் கருவியின்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. புத்தம் புதுசு, நானே அளந்து வைத்தது. பஸ்ஸில் உட்கார்ந்து மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே மலை ஏறினேன்.

ஊரில் இறங்கியபோது பதினொரு மணி இருக்கும். வெயில் வராத நாள். தெருக்குழாயடியில் காலிக் குடங்களோடு நான்கைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். வால்வை மூடிய பிறகும் குழாயில் மிஞ்சி நிற்கும் தண்ணீர் கொஞ்சம் வரும், ஆனால் யாரும் குழாயைத் திறக்கவில்லை. எல்லோரும் தொட்டித் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தூணில், ஊராரும் பார்க்கட்டும் என்று மட்டத்தைக் காட்டும் ஒரு சின்ன எண்பலகையை மாட்டியிருந்தோம். அதில் சிவப்பு எழுத்தில் பூஜ்யம் எரிந்துகொண்டிருந்தது.

"இன்னாக்கா, தண்ணி புடிக்கலையா?" என்று கேட்டேன்.

"தண்ணி வருதும்மா" என்றாள் ஒருத்தி. "பலகையில இல்லைன்னு போட்டிருக்குது, தொறந்தா வருது. இல்லாத தண்ணி எங்கேருந்து வருது, நீயே சொல்லு."

இன்னொருத்தி மெதுவாக, "மத்தியானத்துல வர்ற தண்ணியை நாங்க குடிக்கறது இல்ல. பாத்திரம் கழுவறதோட சரி. உள்ள ஏதோ நின்னுக்கினு குடிச்சுட்டு, சாயங்காலம் துப்புதுன்னு எங்க மாமியா சொல்றாங்க" என்றாள்.

சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. அவர்கள் யாரும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஆப்பரேட்டர் தூணடியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். முகம் இளைத்திருந்தது. வெள்ளிக்கிழமை விஷயம் அவருக்கும் தெரியும்.

"நான் எதுவும் பண்ணலைங்க மேடம்" என்றார். "காலையில பாதிக்கு மேல வுடறது இல்ல. சாயங்காலத்துக்குன்னு கொஞ்சம் கூடவே நிறுத்தி வைப்பேன், பள்ளிக்கூடத்துப் பசங்க இருக்காங்க இல்ல. எப்பவும் அப்படித்தான் செய்யறது. இந்தப் பொட்டி வந்ததிலேருந்து நிறுத்தின ஒடனே பூஜ்யம்னு காட்டுது. சாயங்காலம் வால்வைத் தொறந்து கொஞ்சம் போனா, தண்ணி இருக்குதுன்னு காட்டுது. எனக்கு ஒண்ணும் விளங்கல."

"மேல ஏறி மூடியைத் திறங்கண்ணா" என்றேன். குரலில் கடுப்பு இருந்தது, மறைக்க முயலவும் இல்லை.

இருவரும் ஏறினோம். இரும்பு மூடியைத் தள்ளிவிட்டு டார்ச் அடித்தேன். தண்ணீர் இருந்தது. அசையாமல், கறுப்பாக, பாதிக்குச் சற்று மேலே. டேப்பை இறக்கிப் பார்த்தேன். ஒன்று புள்ளி ஏழு. கையில் இருந்த போனைப் பார்த்தேன். பூஜ்யம். மறுபடி தண்ணீரைப் பார்த்தேன். டார்ச் வெளிச்சம் அதன்மேல் பட்டு மேல்கூரையில் நடுங்கியது. இவ்வளவு தண்ணீர் கண்ணெதிரே கிடக்கிறது, என் கருவி அதைப் பார்த்துக்கொண்டே இல்லை என்கிறது. அந்த நேரத்தில் குழாயடிப் பெண் சொன்னது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் படவில்லை.

அவரை வால்வைத் திறக்கச் சொன்னேன். மட்டம் மெல்ல இறங்கியது. அறுபத்தைந்து, அறுபது, ஐம்பத்தைந்து. போனில் பூஜ்யமே நின்றது. ஒன்றரைக்குப் பக்கத்தில் வந்ததும் எண் ஒரே தாவாகத் தாவி ஒன்று புள்ளி ஐந்து என்றது. கீழே குழாயடியில் யாரோ, "வந்துடுச்சு பார்" என்று சொல்வது கேட்டது.

கருவிக்குத் திரும்பி வரும் எதிரொலிகளை ஒரு கோடாகப் போனில் பார்க்க முடியும். அதைத் திறந்தேன். தண்ணீரின் எதிரொலி கூராக நின்றது. அதோடு சேர்ந்து, ஐப்பசியில் நான் போட்ட மறைப்பு இன்னொரு கோடாக ஓடியது. தொட்டி நெடுக அது தாழ்வாகத்தான் இருந்தது. ஒன்று புள்ளி ஐந்து ஐந்துக்கும் ஒன்று புள்ளி எட்டு ஐந்துக்கும் நடுவில் மட்டும் ஒரு பெரிய மேடு. இரும்புத் தகடு ஏதாவது நேராக நின்றால்தான் அவ்வளவு பலமாக எதிரொலி வரும். தண்ணீர் அந்த உயரத்துக்கு வரும்போதெல்லாம் அந்த மேட்டுக்கு அடியில் மறைந்துவிடுகிறது. அப்போது கருவி வேறு எதிரொலியைத் தேடுகிறது. தண்ணீரில் பட்டு, கூரையில் பட்டு, மறுபடி தண்ணீரில் பட்டு வரும் இரட்டை எதிரொலி அதற்குக் கிடைக்கிறது. ஒன்று புள்ளி ஏழு மீட்டர் தூரம் இரண்டு தடவை என்றால் மூன்று புள்ளி நான்கு. தரையின் தூரமும் அதேதான். தொட்டி காலி என்று அது நினைத்ததில் அதன் தப்பு ஒன்றுமில்லை.

தண்ணீர் எங்கேயும் போகவில்லை. ஆப்பரேட்டர் எதையும் திருடவில்லை. அது புரிந்ததும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த மேடு எதனால் வந்தது? ஐப்பசியில் அந்த உயரத்தில் என்ன நின்றிருந்தது?

தொட்டியை முழுக்க வடிக்கச் சொன்னேன். அதற்கு இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் மேகம் மறுபடி இறங்கிவிட்டது. மூடி வழியாகத் தலையை விட்டு டார்ச்சை எல்லா மூலைக்கும் அடித்தேன். வழவழவென்று நான்கு சுவர். ஒரு ஓரத்தில் ஏணி, அதுவும் கருவியிலிருந்து எட்ட. உள்வரும் குழாய் எதிர்ச் சுவரில். கருவிக்கு நேர் கீழே எதுவும் இல்லை. ஈரத் தரை மட்டும். மேல்கூரையிலிருந்து ஒரு துளி விழும், அதன் சத்தம் தொட்டி முழுக்கச் சுற்றிவிட்டு என் காதுக்கு வரும். கருவியின் நினைவில் மட்டும், அந்த வெறும் இடத்தில், ஓர் ஆள் உயரத்துக்கு ஏதோ ஒன்று நின்றுகொண்டிருந்தது. மூன்று வாரமாக அங்கேயே.

எனக்குப் பயமாக இருந்தது. சொல்ல வெட்கம்தான், ஆனால் பயமாகத்தான் இருந்தது.

"அண்ணா, உள்ள இறங்கி இந்தப் பொட்டிக்கு நேரா கீழ எதாவது கம்பி கிம்பி இருக்குதான்னு கையால தடவிப் பாருங்க" என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, மேல்தளத்தில் கிடந்த ஒரு தட்டையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். கருவிக்குக் கீழே வந்து நின்று காற்றில் கையைத் துழாவினார். "ஒண்ணும் இல்லைங்க." குரல் சுவரில் மோதி இரண்டு மூன்று ஆளாகத் திரும்பி வந்தது. நான் போனைப் பார்த்தேன். பூஜ்யம். ஒரு மனிதர் நேர் கீழே நிற்கிறார், கருவிக்கு அவர் இல்லை. கோட்டில் அவருடைய எதிரொலி சின்னதாக எழும்பியதைப் பார்த்தேன். அந்த மேட்டுக்கு அடியில் அடங்கிப்போனது.

"தண்ணி சொட்டுது" என்றார் அவர் தனக்குத்தானே. ஓரத்தில் சாய்த்து வைத்திருந்த அகலமான அலுமினியத் தட்டை எடுத்துவந்தார். தரையில் மிஞ்சும் சகதியை வாளியால் அள்ள முடியாது, அதற்காக அவர் வைத்திருந்த தட்டு. தோளில் கிடந்த துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்து, அதன்மேல் தட்டை வைத்துக்கொண்டு, கையைக் கட்டி அசையாமல் நின்றார்.

போனில் கோடு எழுந்தது. ஏறி ஏறிப்போய், அந்த மேட்டின் உச்சிக்குச் சற்றுக் கீழே, மேட்டின் உருவத்திலேயே நின்றது. உறைக்குள் கத்தி போவதுபோல் அப்படியே பொருந்திவிட்டது.

"அண்ணா, அன்னைக்கு, இந்தப் பொட்டி வெச்ச அன்னைக்கு, நான் கீழ இறங்கினப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதாங்க."

"இங்கன்னா?"

"இதே எடத்துலதான். நீங்கதானே மேடம், டேப்பைப் புடிச்சப்போ, நான் சொல்ற வரைக்கும் அங்கயே நில்லுங்கன்னீங்க. நின்னுக்கினு இருந்தேன். தண்ணி தலையில சொட்டிச்சு, தட்டை வெச்சுக்கினேன்."

சொன்னது ஞாபகம் வந்தது. டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னது. அதற்குப் பிறகு மேகம், வழுக்கல், பஸ். அந்த ஆளை மேலே வரச் சொல்ல வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

"எவ்ளோ நேரம் நின்னீங்க?"

"மூடி வழியா வெளிச்சம் போயி இருட்டு கட்டிச்சுங்க. மேல சத்தமும் இல்ல. கூப்ட்டுப் பாத்தேன், என் குரல்தான் திரும்பி வந்துச்சு. அப்பறம் பஸ்ஸு போற சத்தம் கேட்டுச்சு. சரி, போய்ட்டாங்கன்னு ஏறி வந்துட்டேன்."

அவர் இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். தலையில் தட்டோடு இன்னும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார், நான் இன்னும் வரச் சொல்லவில்லை என்பதால். உள்ளே ஓர் ஆள் நிற்கிறார் என்று ஐப்பசியில் அந்தக் கருவி எனக்குச் சொல்லியிருக்கிறது, சென்டிமீட்டர் சுத்தமாக. நான்தான் அதைப் பொய் என்று சொல்லி மறக்க வைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

பழைய மறைப்பை அழித்தேன். ஒரு நொடி எண் தடுமாறியது. பிறகு பூஜ்யம் போய், ஒன்று புள்ளி ஏழு என்று வந்து நின்றது.

"மேல வாங்கண்ணா" என்றேன். "தட்டையும் எடுத்துக்கினு வாங்க."

அவர் ஏறி வெளியே வரும்வரை மூடியருகில் மண்டியிட்டுக் காத்திருந்தேன். அவர் கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டேன். பிறகு உள்ளே வாளியோ கயிறோ ஆளோ எதுவும் இல்லை என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மறுபடி மறைப்பைப் போட்டேன். கோடு தாழ்வாக, மேடு பள்ளம் இல்லாமல் ஓடியது. மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை ஏற்றச் சொல்லி, அது ஒன்றரையைத் தாண்டி, ஒன்று புள்ளி ஏழைத் தாண்டி, இரண்டுக்குப் போகும்வரை டேப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். ஓர் இடத்திலும் எண் தாவவில்லை. அன்றைக்கு பஸ் போய்விட்டது. பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருவர் வீட்டில் தங்கிக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அலுவலகத்தில் என்ஜினியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை, கோட்டைக் காட்டியதும் நம்பினார். உடனே வேறு கவலை வந்துவிட்டது.

"ஆள் உள்ள நின்னாருன்னு எழுதாதீங்க" என்றார். "தொட்டிக்குள்ள ஆளை விட்டுட்டு யாரும் மேல இல்லைன்னா அது பெரிய விவகாரம். உங்களுக்கும் ஆபத்து, எனக்கும் ஆபத்து. குழாய்த் தாங்கியோட எதிரொலின்னு எழுதிடுங்க. அவரு சாவியை அவரே வெச்சுக்கட்டும். யாருக்கும் நஷ்டம் இல்லையே."

நியாயமாகத்தான் பட்டது. அவர் வேலை பிழைத்துவிடும், என் வேலையும் பிழைக்கும். பேனாவை எடுத்துக் குழாய்த் தாங்கி என்று எழுதவும் ஆரம்பித்தேன். அந்தத் தொட்டியில் அந்த உயரத்தில் தாங்கி எதுவும் இல்லை. அப்படி எழுதினால், இரண்டாம் தடவையும் அந்த மனிதரை நானே அங்கிருந்து அழிக்கிறேன் என்று தோன்றியது. அடித்துவிட்டு எழுதினேன். கருவியில் பழுது இல்லை. காலித் தொட்டியின் மறைப்பைப் பதிவு செய்தபோது ஆப்பரேட்டர் என் சொற்படி உள்ளே நின்றிருந்தார். நான் பார்க்காமல் பதிவு செய்தேன். தண்ணீர் ஒரு நாளும் குறையவில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதம் ஒப்பந்தக்காரர் எனக்கு மலை வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எதிர்பார்த்ததுதான், ஆனாலும் வலித்தது.

அந்தக் கடிதத்தின் நகலைக் கொடுக்க மறுபடி மலைக்குப் போனேன். சாவிக்கொத்து அவர் இடுப்பில் இருந்தது. மத்தியான நேரம். எண்பலகையில் ஒன்று புள்ளி ஏழு எரிந்தது. பெண்கள் அதை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குடத்தைக் குழாயடியில் வைத்தார்கள். அவருக்குப் படிக்க வராது என்பதால் நானே அவர் முன் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். உள்ளே நின்றிருந்தார் என்ற வரியை இரண்டு தடவை படித்தேன்.

"என்னை மன்னிச்சுடுங்கண்ணா" என்றேன்.

அவர் தொட்டியை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் பொட்டி என்னைப் பாத்துதாங்க இருக்குது" என்றார். "நீங்கதான் பாக்கல."

கோபமே இல்லாமல்தான் சொன்னார். கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வால்வைத் திறக்கப் போய்விட்டார்.